பெயரைக் காதால் தேடுங்கள்: ஃபாலோயர் சேர்க்கும் முன் டிரேட்மார்க் பார்க்கும் வழி

கேரள எல்லையில் இருக்கும் எங்கள் கொழிஞ்சாம்பாறைக் கடைகளில் தொங்கும் பலகாரப் பாக்கெட்டைப் பார்த்தால் ஒரே பெயர் மூன்று எழுத்தில் இருக்கும். மலையாளம் ஒரு வரி, தமிழ் ஒரு வரி, இரண்டுக்கும் நடுவில் ஆங்கிலம். ஆங்கிலத்தில் அந்தப் பெயரை எப்படி எழுதுவது என்பதைப் பெரும்பாலும் அச்சகத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் பையன்தான் முடிவு செய்கிறான். என் சித்தி மகளுக்கு வந்த வில்லங்கம் அந்த ஆங்கில எழுத்தில்தான் இருந்தது.

அவள் முறுக்கும் நேந்திரங்காய் வறுவலும் செய்து விற்கிறாள். செய்வதை வீடியோ எடுத்து இன்ஸ்டாகிராமிலும் யூடியூபிலும் போடுவாள். இரண்டு வருடத்தில் இன்ஸ்டாகிராமில் மட்டும் 14 ஆயிரம் பேர் சேர்ந்திருந்தார்கள். ஒரு நாள் காலையில், டிரேட்மார்க் புகார் வந்திருக்கிறது என்று செய்தி வந்தது. பக்கம் முடங்கியது. "நான் பேரைத் தேடிப் பார்த்துட்டுத்தான் வெச்சேன் அண்ணா, ஒண்ணுமே வரலை" என்று அழுதாள். பொய் சொல்லவில்லை, தேடத்தான் செய்திருக்கிறாள். ஆனால் தான் எழுதுகிற எழுத்தில் மட்டும் தேடியிருக்கிறாள். புகார் கொடுத்தவர் அதே பெயரை வேறு ஆங்கில ஸ்பெல்லிங்கில் பதிவு செய்திருந்தார்.

நான் வக்கீல் இல்லை. ஜிஎஸ்டி கணக்கு எழுதுகிறவன். அந்த வேலையில் டிரேட்மார்க் விண்ணப்பங்களும் கையில் வந்து விழும். அவளுக்கு இரண்டாவது பெயர் தேடியபோது நாங்கள் செய்ததைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். அவளுடைய முதல் பெயர் இப்போது இன்னொருவர் சொத்து என்பதால், அதற்குப் பதில் 'தாழம்பூ' என்று வைத்துக்கொள்கிறேன். கீழே தேடலில் வந்ததாகச் சொல்வதெல்லாம் நிஜப் பெயருக்கு வந்தவை. தாழம்பூ என்ற பெயரில் யார் இருக்கிறார்கள் என்பதற்கு அவை சாட்சி ஆகாது.

முதலில் ஒரு தவறான நம்பிக்கையைக் கழற்றி வைக்க வேண்டும்

ஜிஎஸ்டி சான்றிதழில் கடைப் பெயர் இருக்கிறது, உணவு உரிமத்தில் இருக்கிறது, உத்யம் பதிவிலும் இருக்கிறது, அதனால் பெயர் எனக்குத்தான் என்று வருகிறவர்கள் நிறையப் பேர். இவற்றில் எதுவும் பெயருக்கு உரிமை தராது. கம்பெனியாகப் பதிந்து அந்தப் பெயருக்கு மத்திய அரசின் ஒப்புதல் வாங்கினாலும் அது டிரேட்மார்க் ஆகாது. இன்ஸ்டாகிராமில் அந்த ஹேண்டில் காலியாக இருந்தது என்பதும் அப்படித்தான். அங்கே எழுத்துக்கு எழுத்து பார்ப்பார்கள். சட்டம் காதில் எப்படி விழுகிறது என்பதையும் பார்க்கும்.

இன்னொன்று. டிரேட்மார்க் பதிவு இந்தியா முழுவதற்கும் செல்லும். கான்பூரில் இருப்பவர் பதிந்த பெயர் வேலந்தாவளம் செக்போஸ்டைத் தாண்டி இந்தப் பக்கமும் செல்லும். கேரளம், தமிழ்நாடு, ஆந்திரம் மூன்றுக்கும் சென்னையில் உள்ள பதிவகம்தான் அலுவலகம். அதனால் நான் கேரளா, அவர் தமிழ்நாடு என்ற கணக்கு இங்கே உதவாது.

பெயர் எந்த ரகம் என்று பார்ப்பது

தேடலுக்கு முன்பே பாதிப் பெயர்கள் இங்கே விழுந்துவிடும். 1999ஆம் ஆண்டின் டிரேட்மார்க் சட்டம் 9வது பிரிவில், பொருளின் தன்மை, தரம், அது வரும் ஊர் ஆகியவற்றை மட்டும் சொல்லும் பெயர்களைப் பதிவு செய்ய மறுக்கிறது. 'மொறுமொறு முறுக்கு' தன்மையைச் சொல்கிறது. 'பாலக்காடு சிப்ஸ்' ஊரைச் சொல்கிறது. தமிழில் சொன்னால் அதிகாரிக்குப் புரியாது என்று நினைக்க வேண்டாம். தமிழ், மலையாள எழுத்தில் பெயரைக் கொடுத்தால் உச்சரிப்பையும் அர்த்தத்தையும் ஆங்கிலத்தில் எழுதித் தரச் சொல்வார்கள்.

ஊர்ப் பெயரில் இன்னொரு அடுக்கும் உண்டு. பாலக்காடன் மட்டை அரிசி, மறையூர் சர்க்கரை போன்றவை புவிசார் குறியீடு பெற்றவை. அந்தப் பெயரைத் தனி ஆள் டிரேட்மார்க்காகச் சொந்தம் கொண்டாட முடியாது.

ஒரே சொல் ஒரு பொருளுக்கு வலுவாகவும் இன்னொரு பொருளுக்கு நொண்டியாகவும் இருக்கும். முறுக்குக்கும் தாழம்பூவுக்கும் சம்பந்தம் இல்லை, அதனால் முறுக்குக்கு அது நல்ல பெயர். அதையே குங்குமத்துக்கு வைத்தால் தாழம்பூ குங்குமம் என்பது ஊரே விற்கும் சரக்கின் பெயர். சர்பத்துக்கு வைத்தாலும் சிக்கல், தாழம்பூ வாசனை போடுகிற பொருள் அது. இன்று முறுக்கு, நாளை சர்பத் என்ற திட்டம் இருந்தால் இதை இப்போதே யோசிக்க வேண்டும்.

அம்மா, பாட்டி, நாட்டு, ருசி, வீட்டு என்று தொடங்கும் பெயர்களை நான் வேண்டாம் என்றே சொல்வேன். பதிவு கிடைத்தாலும் அந்தச் சொல்லைத் தனக்கு மட்டும் என்று யாராலும் பிடித்து வைக்க முடியாது, அவ்வளவு கூட்டம். பாட்டிக்கு எங்கள் எல்லையில் இன்னொரு ஆபத்தும் உண்டு. ஆங்கிலத்தில் `PATTI` என்று எழுதினால் மலையாளி அதைப் பட்டி என்று படிப்பார். மலையாளத்தில் பட்டி என்றால் நாய். பாக்கெட் அடித்த பிறகு இதைக் கண்டுபிடித்த ஒருவரை எனக்குத் தெரியும்.

எந்த வகுப்பில் தேடுவது

பொருள்களையும் சேவைகளையும் 45 வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள். அரிசி மாவில் செய்த முறுக்கு 30வது வகுப்பு. நேந்திரங்காய் வறுவல் 29. ஊறுகாயும் 29. சமையல் வீடியோ சேனல் 41. பல பொருள்களை ஆன்லைனில் விற்கும் கடை 35. சாப்பாட்டுக் கடை 43.

வகுப்பு என்பது மதில் சுவர் அல்ல. முறுக்கும் வறுவலும் ஒரே கடையில் ஒரே கம்பியில்தான் தொங்குகின்றன, வாங்குகிறவரும் ஒருவரே. ஆகவே 29இல் இருக்கும் பெயர் 30இல் வருகிறவரைத் தடுக்கலாம். எங்கள் தேடலை 29, 30, 35, 41, 43 என ஐந்திலும் நடத்தினோம். வகுப்பு ஒவ்வொன்றாகத்தான் கொடுக்க முடியும் என்பதால் ஒரு மாலை முழுக்க ஆனது.

காதால் தேடுவது

இதுதான் அவள் தவறவிட்ட இடம். பதிவகத்தின் இலவசத் தேடல் `tmrsearch.ipindia.gov.in` என்ற முகவரியில் இருக்கிறது. ஓடிபி கேட்டால் கொடுத்து உள்ளே போங்கள். தேடல் வகையில் `Wordmark` என்று இருக்கும். அதன் பக்கத்தில் `Start With`, `Contains`, `Match With` என்று மூன்று வழி. அவள் தன் பெயரை முழுதாக அடித்து `Start With` கொடுத்திருக்கிறாள். எதுவும் வரவில்லை. நிம்மதியாகப் பக்கத்தைத் தொடங்கிவிட்டாள்.

தாழம்பூ என்ற சொல்லை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதலாம் என்று எண்ணிப் பாருங்கள். 'தா'வுக்கு `THA`, `TA`, `THAA`. 'ழ'வுக்கு `ZHA`, `LA`, சிலர் `ZA` என்றும் எழுதுவார்கள். 'ம்பூ'வுக்கு `MPOO`, `MBOO`, `MPU`, `MBU`. பெருக்கினால் 36 வருகிறது. மலையாளிகள் பெரும்பாலும் `ZH` போடுவார்கள். தெலுங்கில் இன்று ழ வழக்கில் இல்லை என்பதால் நகரி, சித்தூர் பக்கம் `L`தான் எதிர்பார்க்க வேண்டும். மதுரைப் பக்கத்துக்காரர் பேசும்போதே ழ, ள ஆகிவிடும், எழுதும்போதும் `L` வரும்.

முப்பத்தாறையும் அடிக்க வேண்டியதில்லை. `Contains` வைத்துக்கொண்டு, சொல்லின் நடுத்துண்டை மட்டும் கொடுத்தால் போதும்:

```
AZHAM
ALAMP
ALAMB
AZAMP
AZAMB
```

`ALAM` என்று மட்டும் கொடுத்தால் சலாம், கலாம் எல்லாம் வந்து குவியும். அதனால்தான் அடுத்து வரும் `P` அல்லது `B` வரை நீட்டினோம். `ZH` அவ்வளவாக வராத சேர்க்கை, அதனால் `AZHAM` நீளத் தேவையில்லை. உங்கள் பெயரிலும் இப்படி மாறாத துண்டு ஒன்று இருக்கும். அதைப் பிடித்தால் தேடல் சுருங்கிவிடும். பெயர் இரண்டு சொல் என்றால் ஒட்டியும் பிரித்தும் அடிக்க வேண்டும்.

`Phonetic` என்று ஒரு வழியும் அந்தத் தளத்தில் இருக்கிறது. போட்டுப் பாருங்கள், ஆனால் நம்பி இருக்காதீர்கள். ழகரம் அதற்குப் பிடிபடும் என்று எனக்குத் தோன்றவில்லை.

கடைசியாக அர்த்தத்தையும் தேடுங்கள். தாழம்பூவுக்கு இந்தியில் கேவ்டா. அதே பொருளில் அதே அர்த்தத்தில் வேறு மொழிப் பெயர் இருந்தால் அதுவும் ஆட்சேபத்துக்கு இடம் கொடுக்கலாம்.

நாங்கள் தேடியதில் `L` போட்ட துண்டுக்குத்தான் அந்தப் புகார்க்காரர் வந்தார். 30வது வகுப்பு, அவள் பக்கம் தொடங்குவதற்கு மூன்று வருடம் முன்பே பதிந்தது. அவரைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம்தான் ஆனது.

எவ்வளவு ஒத்திருந்தால் ஆபத்து என்று கேட்பார்கள். 1962இல் உச்ச நீதிமன்றம் அம்ரித்தாரா, லக்ஷ்மண்தாரா என்ற இரண்டு மருந்துப் பெயர்களை வைத்து ஒரு அளவுகோல் சொன்னது. இரண்டு பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிடக் கூடாது. சாதாரண அறிவுள்ள ஒருவர், பெயரை அரைகுறையாக நினைவில் வைத்துக்கொண்டு கடைக்கு வந்தால் குழம்புவாரா என்று பார்க்க வேண்டும். நான் செய்வது இதுதான்: ஃபோனில் ஒருவரிடம் பெயரை ஒரு தரம் மட்டும் சொல்லி, மறுநாள் என்ன பெயர் சொன்னேன் என்று கேட்பேன். அவர் சொல்வது பட்டியலில் உள்ள இன்னொருவர் பெயர்போல் கேட்டால், அந்தப் பெயரை விட்டுவிடுவோம்.

வந்த பட்டியலைப் படிப்பது

ஒவ்வொரு பெயருக்கும் எதிரே நிலை ஒன்று இருக்கும். `Registered` என்றால் புரிகிறது. `Accepted & Advertised`, `Opposed`, `Objected`, `Formalities Chk Pass` என்பவை எல்லாம் இன்னும் உயிரோடு உள்ள விண்ணப்பங்கள். இன்னும் பதிவாகவில்லையே என்று அவற்றைத் தள்ளிவிடாதீர்கள். உங்களுக்கு முன் வரிசையில் நிற்கிறவர்கள் அவர்கள்.

`Abandoned`, `Refused`, `Removed` ஆகியவற்றைப் பார்த்ததும் இடம் காலி என்று எண்ணத் தோன்றும். விண்ணப்பம் செத்திருக்கலாம், வியாபாரம் நடந்துகொண்டிருக்கலாம். பத்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க மறந்ததால் `Removed` ஆனவர், காலக்கெடுவுக்குள் பணம் கட்டித் திரும்பவும் உள்ளே வரலாம். இந்தப் பெயர்களை அடுத்த கட்டத்தில் சந்தையில் தேட வேண்டும்.

விண்ணப்பத்தைத் திறந்தால் இரண்டு இடம் முக்கியம். ஒன்று, எப்போதிலிருந்து பயன்படுத்துகிறார் என்ற தேதி. இன்னொன்று, அதனுடன் ஏற்றியிருக்கும் ஆவணங்களில் பரிசோதனை அறிக்கை. உங்களுடையதைப் போன்ற பெயருக்கு ஆட்சேபம் வந்திருந்தால், அதிகாரி எந்தெந்தப் பழைய பெயர்களைக் காட்டித் தடுத்தார் என்று அந்த அறிக்கையில் இருக்கும். அதே பட்டியல்தான் நாளை உங்களுக்கும் வரப்போகிறது. இன்னொருவர் காசு கட்டி வாங்கிய தேடல் அறிக்கையை நாம் சும்மா படிக்கிறோம்.

பதியாதவர்களைத் தேடுவது

இருட்டுக்கடை அல்வா பெயர் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது தெரிந்திருக்கும். முதலில் பயன்படுத்தியவரின் உரிமை, பின்னால் வந்த பதிவை விட மேலானது என்பதை அந்தத் தீர்ப்பு திரும்பவும் உறுதி செய்தது. சட்டத்தின் 34வது பிரிவும் முன்பே பயன்படுத்தி வருகிறவரைக் காக்கிறது. ஆக, பதிவேட்டில் இல்லாத ஒரு பேக்கரிக்காரர் கூட, இருபது வருடப் பில் புத்தகத்தோடு வந்து நிற்கலாம்.

என் சித்தி மகள் இதைக் கேட்டதும், "அப்போ நானும் ரெண்டு வருஷமா நடத்துறேனே" என்றாள். பலிக்காது. எதிராளி பயன்படுத்தத் தொடங்கிய நாள், அவர் பதிந்த நாள் இரண்டில் எது முந்தியதோ அதற்கும் முன்பிருந்து நாம் இடைவிடாமல் பயன்படுத்தியிருக்க வேண்டும். அவள் பின்னால் வந்தவள்.

பதியாதவர்களைக் கண்டுபிடிக்க ஒரே தளம் கிடையாது. பெயரை மலையாள எழுத்திலும் தமிழ் எழுத்திலும் கூகுளில் அடியுங்கள். கூகுள் மேப்பில் திருச்சூர், பாலக்காடு, பொள்ளாச்சி, கோயம்புத்தூர் என்று ஊர் ஊராக வைத்துத் தேடுங்கள். இன்ஸ்டாகிராமில் ஹேண்டிலை மட்டும் பார்க்காமல், பக்கத்தின் பெயரிலும் மலையாள எழுத்தில் தேடுங்கள். அமேசானிலும் ஒரு பார்வை. அப்புறம், பலகாரம் மொத்தமாக எடுக்கும் இரண்டு மூன்று கடைக்காரர்களிடம் நேரில் கேட்டுவிடுங்கள். எங்களுக்குக் கிடைத்த ஒரு பெயரை இணையம் காட்டவே இல்லை. பொள்ளாச்சி மார்க்கெட்டில் ஒருவர், "அந்தப் பேர்ல கடலை மிட்டாய் வருதேங்க" என்று பாக்கெட்டையே எடுத்துக் காட்டினார். அந்தப் பெயரை அங்கேயே விட்டுவிட்டோம்.

ஹேண்டிலும் டொமைனும்

இதற்கு அதிகம் யோசிக்க வேண்டாம், வரிசை மட்டும் முக்கியம். மேலே சொன்ன எல்லாவற்றையும் தாண்டிய பெயருக்கு ஒரே நாளில், ஒரே எழுத்தில் இன்ஸ்டாகிராம், யூடியூப், ஃபேஸ்புக் ஹேண்டிலும் `.in`, `.com` டொமைனும் எடுத்துவிடுங்கள். ழ உள்ள பெயர் என்றால் `ZH`, `L` இரண்டு எழுத்திலும் டொமைன் எடுப்பது வீண் செலவு அல்ல. பதிவு செய்யப் போகும் எழுத்தும் ஹேண்டிலின் எழுத்தும் ஒன்றாக இருக்கட்டும். நாளை நீங்கள் புகார் கொடுக்கும் பக்கம் இருந்தால், அந்தத் தளங்கள் பதிவு எண்ணைக் கேட்கும். அப்போது எழுத்து ஒத்திருந்தால் விளக்கம் சொல்லும் வேலை குறையும்.

விண்ணப்பம்

நாங்கள் எடுத்த இரண்டாவது பெயர் எங்கள் பாட்டி ஆட்டுக்குட்டியைக் கூப்பிட்ட பெயர். இரண்டே அசை, மூன்று மொழியிலும் அர்த்தம் இல்லை, ழவும் இல்லை. அர்த்தம் இல்லாத பெயர் தொடக்கத்தில் ஒட்டாது, யாருக்கும் எதுவும் தோன்றாது. ஆனால் பதிவுக்கு அதைவிட வலுவானது கிடையாது.

தனி நபர், ஸ்டார்ட்அப், சிறு தொழில் என்றால் ஆன்லைனில் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். மற்றவர்களுக்கு 9,000. ஐந்து வகுப்பிலும் தேடினோம் என்பதற்காக ஐந்திலும் கட்ட வேண்டியதில்லை. அவள் சம்பாதிப்பது 29லும் 30லும், அதனால் இரண்டுக்கும் சேர்த்து 9,000 கட்டினாள். வீடியோவில் விளம்பர வருமானம் கணிசமாக வரும்போது 41. வீடியோ மட்டுமே தொழில் என்று இருப்பவர் 41இல் தொடங்கலாம்.

லோகோவாகப் பதியாமல் முதலில் வெறும் சொல்லாகப் பதியுங்கள் என்பது என் கருத்து. லோகோ மூன்று வருடத்தில் மாறிவிடும், சொல் மாறாது. இன்னும் விற்கத் தொடங்கவில்லை என்றால் `Proposed to be used` என்று கொடுத்தால் போதும். பழைய தேதி போட்டால் அதற்கு உறுதிமொழிப் பத்திரமும் பில்லும் கேட்பார்கள், இல்லாத தேதியைப் போடாதீர்கள்.

விண்ணப்ப எண் வந்த அன்றே ™ போட்டுக்கொள்ளலாம், அதற்கு முன்பும் போடலாம். ® மட்டும் பதிவுச் சான்றிதழ் வந்த பிறகுதான், அதற்கு முன் போடுவது சட்டப்படி தவறு. பரிசோதனை அறிக்கையில் ஆட்சேபம் வந்தால் 30 நாளுக்குள் பதில் போக வேண்டும். விண்ணப்பத்தில் கொடுத்த மின்னஞ்சலைத் திறந்தே பார்க்காமல் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிப் போனவர்கள் எங்கள் ஊரிலேயே உண்டு. ஆட்சேபம் தாண்டினால் டிரேட்மார்க் இதழில் வெளியாகும். அங்கிருந்து நான்கு மாதம், யார் வேண்டுமானாலும் எதிர்க்கலாம்.

பாக்கெட் கவர் 5,000 அடித்தால் ஒன்றுக்கு நல்ல விலை வரும் என்று அச்சகத்துக்காரர் சொன்னார். இப்போதைக்கு வெற்றுக் கவரில் ஒட்டுகிற ஸ்டிக்கராக 500 மட்டும் அடித்திருக்கிறோம். ஆங்கில எழுத்தை இந்தத் தரம் அவளே ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். பெரிய ஆர்டர் பரிசோதனை அறிக்கையைப் பார்த்த பிறகு.